தையல் தெரிந்த திருநங்கைக்கு வேலையா, சொந்தத் தொழிலா?

கேள்வி: என் தங்கை திருநங்கை. பட்டப்படிப்பு முடித்திருக்கிறாள், தையலும் கற்றிருக்கிறாள். ஒரு வருடமாக வேலை தேடுகிறாள். நேர்காணல் வரை போகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. எதனால் இப்படி? தையலை வைத்துச் சொந்தமாகத் தொடங்கினால் பிழைக்க முடியுமா?

நானும் திருநங்கைதான். ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். அதன் பிறகு பன்னிரண்டு வருடமாக ஆல்டரேஷன் தையல்தான் சோறு போடுகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தங்கையிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக எந்த இடத்தில் நின்றது? தொலைபேசியில் பேசிய பிறகு அழைப்பு வரவில்லை என்றால் அது குரல். நேரில் பார்த்த பிறகு பதில் இல்லை என்றால் அது முகம். இந்த இரண்டுக்கும் நம் கையில் பெரிதாக மருந்து இல்லை. ஆனால் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், சான்றிதழ்களை அனுப்புங்கள்" என்று சொன்ன பிறகு பேச்சு நின்றுபோயிருந்தால் அது காகிதம். பாதிக்கு மேல் நம்மால் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் பலரும் எல்லாவற்றையும் சேர்த்து "நம்மைப் பிடிக்கவில்லை" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு நடந்தது இது. ஒரு நிறுவனம் கணக்குப் பிரிவுக்கு என்னைத் தேர்வு செய்தது. அடையாள அட்டை புதுப் பெயரில் இருந்தது. பட்டச் சான்றிதழ் பழைய பெயரில். முந்தைய அலுவலகம் கொடுத்த அனுபவச் சான்றிதழும் பழைய பெயரில்தான். பின்னணி சரிபார்க்கும் ஆள் அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டு, என் புதுப் பெயரைச் சொல்லி, "இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?" என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் பக்கம் அது உண்மைதான். என் விண்ணப்பத்தில் "தவறான தகவல்" என்று குறித்து மூடிவிட்டார்கள். அங்கே யாரும் என்னை வெறுத்த மாதிரித் தெரியவில்லை. வெறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதைக் குழப்பினால் அலைச்சல் மூன்று மடங்கு. நாட்டுக்கு நாடு வழி வேறு என்றாலும் அடிப்படை ஒன்றுதான். பெயரும் பாலினமும் மாறியதைச் சட்டப்படி சொல்லும் ஆணையோ சான்றிதழோ முதலில் வேண்டும். அடுத்தது முதன்மை அடையாள அட்டை. அதைக் காட்டி வரி எண், வங்கிக் கணக்கு. கல்விச் சான்றிதழைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் எல்லாவற்றையும் விட அதிக நாள் எடுக்கும். அது வரும் வரை "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்" என்று சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும். பழைய அலுவலகத்திடம் புதுச் சான்றிதழ் கேட்கும்போது, தன் ஊழியர் எண்ணையும் அதில் போடச் சொல்லட்டும். பெயர் மாறினாலும் எண் மாறாது, சரிபார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைக்கும்.

எப்போது சொல்வது என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. என் கருத்து: விண்ணப்பத்தில் வேண்டாம், நேர்காணலில் கேட்காமல் சொல்ல வேண்டாம். வேலை உறுதியானதும், சரிபார்ப்பு தொடங்கும் முன், மனிதவளப் பிரிவுக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். "என் பழைய ஆவணங்கள் இந்தப் பெயரில் இருக்கும், உறுதிமொழிப் பத்திரத்தைச் சேர்த்திருக்கிறேன், முந்தைய அலுவலகத்தைக் கூப்பிடும்போது இந்த ஊழியர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்." அவ்வளவுதான். விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அதற்குப் பிறகும் பின்வாங்கினால், காரணம் காகிதம் இல்லை என்பதற்கு எழுத்தில் ஒரு தடயமாவது இருக்கும்.

அந்தத் தடயம் ஏன் முக்கியம் என்றால், சட்டம் பல இடங்களில் வந்துவிட்டது, நிரூபிப்பதுதான் பாடு. இந்தியாவில் 2019-இல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலேயே பாகுபாடு கூடாது என்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் ஏமி ஸ்டீபன்ஸ் என்பவர் இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். இனிப் பெண்ணாகவே வேலைக்கு வருவேன் என்று 2013-இல் முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வேலை போனது. அப்படி நீக்கியது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020 ஜூனில். அவர் அதற்கு முந்தைய மாதமே இறந்துவிட்டார். ஏழு வருடம். அதுவும் அவரை ஏன் நீக்கினார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத வழக்கு அது. வேலைக்கே எடுக்காதபோது "இதனால்தான்" என்று யார் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள்?

அர்ஜென்டினா 2021-இல் கொண்டுவந்த சட்டத்தை நான் இன்னொரு காரணத்துக்காகச் சொல்வேன். அரசு வேலைகளில் குறைந்தது 1 சதவீதம் திருநர்களுக்கு என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதன் உள்ளே போனால், படிப்பை முடிக்காதவரையும் எடுக்க வேண்டும், அவர் படிப்பை முடிக்க ஒப்புக்கொண்டால் போதும் என்று இருக்கிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பழைய போலீஸ் வழக்குகளைப் பார்க்கக் கூடாது என்று இருக்கிறது. சொந்தத் தொழில் தொடங்குவோருக்குக் குறைந்த வட்டிக் கடனும் இருக்கிறது. நேர்காணல் அறைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் எங்கெங்கே வடிகட்டப்படுகிறார் என்பதைத் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்து எழுதியது அது.

வேலை கிடைத்த பிறகும் ஒன்று இருக்கிறது. 2017-இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளை வேலைக்கு எடுத்தது பெரிய செய்தியானது. சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். தங்க இடம் இல்லை, யாரும் வீடு கொடுக்கவில்லை. நிறுவனம் கதவைத் திறந்தது, வீட்டுக்காரர் மூடிவிட்டார். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சொந்தத் தொழிலிலும் இதே கதைதான். முதலாளி இல்லை என்றதும் தடையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மேலாளரிடம் இருந்த தடை, கடைக்கு இடம் கொடுப்பவரிடமும் கடன் கொடுக்கும் வங்கியிடமும் வாசலுக்கு வரும் வாடிக்கையாளரிடமும் பிரிந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் எந்தத் தொழில் லாபம் என்று கேட்பதற்கு முன், எந்தத் தொழிலில் இந்த மூன்று பேரின் தயவு குறைவாக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் அழகு நிலையம் கஷ்டம். நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இடம் வேண்டும், முதல் வேண்டும், வருகிறவர் தொட விட வேண்டும். இணையத்தில் செய்யும் வேலைகளில் முகம் தெரியாது என்பது வசதி. பணம் வரும் கணக்கின் பெயர்தான் அங்கே தலைவலி, அதனால்தான் வங்கியை முன்னால் முடிக்கச் சொன்னேன். தையல் இரண்டுக்கும் நடுவே. ஆனால் தையல் என்று சொல்லும்போது பலரும் நினைப்பது புதுத்துணி தைப்பதை. நான் சொல்வது ஆல்டரேஷன்: பேன்ட் அடி மடித்தல், ஜிப் மாற்றுதல், இடுப்புப் பிடித்தல், பக்கம் பிடித்தல், கை நீளம் குறைத்தல்.

காரணம் இது. புதுத்துணி தைப்பதில் வெட்டு தப்பினால் துணிக்குப் பணம் கொடுக்க வேண்டும், பெயரும் போகும். ஆல்டரேஷனில், கத்தரிக்கோல் வைக்காத வரை எந்தத் தையலையும் பிரித்துத் திரும்பப் போடலாம். அதனால்தான் என்னிடம் கற்க வருகிறவர்களிடம், இடுப்புப் பிடித்தால் உள்ளே மிஞ்சும் துணியை வெட்டாதே, மடித்து விடு என்பேன். ஆறு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர் "கொஞ்சம் எடை போட்டுவிட்டேன்" என்று வந்து நிற்பார். அப்புறம், துணி அவருடையது, நமக்கு முதல் தேவையில்லை. வேலை சின்னது, அதனால் கொடுக்கும்போதே பணம் வாங்கிவிடலாம். கடன் சொல்லும் அளவுக்கு அது பெரிய தொகையும் இல்லை.

இன்னொரு காரணத்தைப் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். அளவு எடுப்பது. டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணின் தோளையோ மார்பையோ அளக்கப் போகும்போது, அவர் அரை அடி பின்னால் போவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த முறை வர மாட்டார், அவ்வளவுதான். ஆண் வாடிக்கையாளர் என்றால் வேறு மாதிரித் தொல்லை, அதை உங்கள் தங்கைக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆல்டரேஷனில் இந்தக் கட்டத்தையே தாண்டிவிடலாம். சரியாகப் பொருந்தும் அளவு உடை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் விரித்து, அதை அளக்கலாம். இல்லையென்றால் வாடிக்கையாளர் உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் தானே ஊசி குத்தட்டும். நாம் இரண்டடி தள்ளி நின்று "இன்னும் ஒரு விரல் உள்ளே" என்று சொன்னால் போதும். பழகிய பிறகு பாதிப் பேர் அவர்களாகவே "நீங்களே குத்திவிடுங்கள்" என்பார்கள். அதுவரை காத்திருக்கலாம், அவசரமில்லை.

இனி கணக்கு. பேன்ட் அடி மடிக்க 15 முதல் 20 நிமிடம். பேன்ட் ஜிப் மாற்ற அரை மணி, மேலங்கி ஜிப் என்றால் ஒரு மணி நேரமும் ஆகும். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மெஷின் ஓடுவது ஐந்து மணி நேரம்தான். மீதி பிரிப்பது, இஸ்திரி போடுவது, பேசுவது, நூல் நிறம் தேடுவது. ஆக ஒரு நாளைக்கு நிம்மதியாக எட்டு வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தங்கைக்கு மாதம் வேண்டியதை நூறு பங்காக எடுத்துக்கொள்வோம். சாப்பாடு, தங்கும் இடம் என்று வாழ்க்கைச் செலவு 60. கடை வாடகை 15. நூல், ஊசி, மின்சாரம், மெஷின் பழுது 10. சேமிப்பு 15. மாதம் 25 நாள், நாளுக்கு எட்டு என்றால் 200 வேலை. அப்படியானால் ஒரு வேலைக்குச் சராசரியாக அரைப் பங்கு கூலி வர வேண்டும். உங்கள் பகுதியில் அடி மடிக்க அதைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள் என்றால், அதை மட்டும் நம்பி ஓடாது. ஜிப்பும் இடுப்பும் கலந்து வர வேண்டும்.

ஆனால் முதல் மூன்று மாதம் எட்டு வேலை வராது. இரண்டு வரும். அடுத்த மூன்று மாதம் ஐந்து வரும். ஏழாவது மாதம்தான் எட்டு என்று வைப்போம், இதுவே நல்ல வேகம். வரவு முதல் மூன்று மாதம் 25 பங்கு, அடுத்த மூன்று மாதம் 62.5 பங்கு. பற்றாக்குறையை ஆறு மாதத்துக்குக் கூட்டினால் 337.5. அதாவது கிட்டத்தட்ட மூன்றரை மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் கடை போட்டால், கடை நன்றாகப் போகும்போதே மூட வேண்டி வரும். நான் பார்த்தவற்றில் பல கடைகள் இப்படித்தான் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் போயின. வேலை தெரியாமல் இல்லை.

இதையே வீட்டின் ஒரு மூலையில் தொடங்கி, சேமிப்பையும் முதல் ஆறு மாதம் தள்ளிவைத்தால் தேவை 70 பங்காக இறங்கும். அப்போது ஆறு மாதப் பற்றாக்குறை 157.5, அந்த 70 பங்குக் கணக்கில் இரண்டேகால் மாதச் செலவு. பகுதிநேரமாக வேறு ஏதாவது செய்தால் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடலாம். வீட்டிலிருந்து செய்வதில் ஒரு கெடுதல் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள், அக்கம்பக்கம் கண் வைக்கும், வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டுவார். அதனால் வாடிக்கையாளரை நேராக வீட்டுக்கு வரவைக்காமல் இருப்பது நல்லது.

அதற்கும் வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த தோழி ஒருவர் செய்தது இது. சலவைக் கடைகளில் "இந்த ஜிப் போச்சு, மாற்றித் தருவீர்களா" என்று தினமும் யாராவது கேட்பார்கள், அவர்களால் முடியாது. புதுத்துணி தைக்கும் கடைகளும் ஆல்டரேஷனை எடுக்கத் தயங்கும், எடுத்தாலும் பத்து நாள் இழுக்கும். அவர் ஒரு சலவைக் கடையிலும் ஒரு தையல் கடையிலும் பேசினார். மூன்று துணியைக் கூலி இல்லாமல் செய்து காட்டினார். வாடிக்கையாளர் கொடுக்கும் கூலியில் நான்கில் ஒரு பங்கு கடைக்கு, மீதி அவருக்கு. மாலை துணியை எடுத்துவந்து மறுநாள் மாலை கொடுப்பார். இரண்டு மாதத்தில் நாளுக்கு ஐந்தாறு துணி சேர்ந்தது. கால் பங்கு போகிறதே என்று கேட்டால், கடை வாடகை மாதிரி இல்லை, துணி வராத நாளில் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்பார். யார் தைத்தது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஒரு வருடம் போனது. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகு ஒருவர் மட்டும் வருவதை நிறுத்தினாராம். ஒளிந்து வேலை செய்வது சரியா என்று சிலர் இதைக் குறை சொல்வார்கள். வயிறு காயாதவர்கள் அந்த விவாதத்தை நடத்தட்டும்.

அவர் சறுக்கியதும் உண்டு. ஒரு பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர், 200 உடை, வந்ததும் சலவைக் கடை வேலையை விட்டுவிட்டார். உடை கொடுத்து மூன்று மாதம் ஆகியும் பணம் வரவில்லை, அந்த இடைவெளியில் பழைய கடைகள் வேறு ஆள் பிடித்துவிட்டன. மொத்த ஆர்டர் கெட்டது என்று சொல்லவில்லை. பாதிப் பணம் முன்னால் வந்தால் எடுக்கலாம், தினசரி வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது தின்னக் கூடாது.

இலவசப் பயிற்சி, இலவச மெஷின் என்று வந்தால் கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள். ஒரே பகுதியில் இருபது பேருக்கு ஒரே மூன்று மாதப் பயிற்சி கொடுத்து, இருபது மெஷின் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இருபது பேரும் ஒரே வேலையை ஒரே தெருவில் தேடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மெஷின் மேல் துணி மடித்து வைத்திருக்கும். நல்ல பயிற்சியா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: பயிற்சி முடிந்து ஆறு மாதமானவர்களை நேரில் பார்க்க விடுவீர்களா? துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கை பழக்குகிறார்களா என்றும் கேட்கலாம், அது இல்லாமல் டிராக் பேன்ட், டி-ஷர்ட் வேலை சுத்தமாக வருவது கஷ்டம். எந்தச் சான்றிதழையும் விட, ஓடுகிற ஆல்டரேஷன் கடை ஒன்றில் இரண்டு மாதம் சின்னக் கூலிக்கு உட்காருவது மேல்.

வேலை தேடுவதை இதற்காக நிறுத்த வேண்டாம். காகிதங்களைச் சரிசெய்வது ஒரு பக்கம் ஓடட்டும், அது எப்படியும் மாதங்கள் எடுக்கும். பட்டம் படித்தவர், அதுவும் தொழிலில் உதவும்.

இந்த வாரம் அவர் ஒன்று செய்து பார்க்கட்டும். வீட்டில் இருக்கும் பழைய ஜீன்ஸ் ஒன்றில் ஜிப்பைப் பிரித்து, அதே ஜிப்பைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஐந்தாவது முறை நாற்பது நிமிடத்துக்குள் வந்தால் கூலி வாங்கலாம். முடித்ததும் நீங்கள் உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பழைய ஊசி ஓட்டைகளின் மேலேயே புதுத் தையல் ஓடியிருக்கிறதா, பக்கத்தில் விலகியிருக்கிறதா என்று. சலவைக் கடைக்காரரும் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்.